வகிட்டில் நெற்றிச்சுட்டி: நிழலோடு மல்லுக்கட்டு

தங்கையின் கல்யாணப் படத்தில் ஒரு நெற்றிச்சுட்டியைக் கிரிட்டா ஓவிய மென்பொருளில் வரைந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நேர்முகம், நடுவகிடு, ஜன்னல் வெளிச்சம் இடது மேலிருந்து. மூக்கின் நிழல் வலப்பக்கம் கீழே சாய்வதால் அது தெரிகிறது. சுட்டியின் நிழலும் அதே கோட்டில்தான் சாய வேண்டும்.

முதலில் சங்கிலி. உச்சிக்குப் போகப் போகத் தலை பின்னால் வளைவதால் மணிகள் நெருங்கித் தெரியும். நெற்றி மயிர் ஓரத்தில் 22 பிக்சல் இடைவெளி விட்டு, உச்சியில் 9 வரை குறைத்தேன். கொக்கி மாட்டும் இடத்தில் நாலைந்து முடியிழைகளைச் சங்கிலிக்கு மேலே ஓட்டியதும் அது தலையில் உட்கார்ந்துவிட்டது.

நிழல்தான் பெரிய வேலை. லேயர் ஸ்டைலில் இருக்கும் Drop Shadow எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் நிழலைத் தள்ளுகிறது. சுட்டி நெற்றிக்கு முன்னால் மிதப்பதுபோல் ஆகிறது. நிஜத்தில் தூரம் இடத்துக்கு இடம் மாறும். வகிட்டில் சங்கிலி படிந்து கிடக்கிறது, நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். கருமுடியில் அதைத் தனியாக வரைந்தும் பயனில்லை. சங்கிலியின் வலப்பக்கத்தில் முடியின் பளபளப்பை மெல்லிய கோடாக அணைத்தால் போதும். முடி முடிந்து நெற்றி தொடங்கும் இடத்தில் சங்கிலி தோலைத் தொடாமல் பாலம் போடுகிறது. நிழல் அதிகம் விலகுவது அங்கேதான். பதக்கத்துக்கு வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு விலக்குவது? 25 மில்லிமீட்டர் பதக்கம் என் படத்தில் 150 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 6. வெளிச்சம் ஏறக்குறைய 45 பாகை என்பதால் விலகலும் இடைவெளியும் சமம். பாலத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்து 24 பிக்சல் தள்ளினேன். பதக்கத்தின் ஓரத்துக்கு 6 போதும். சங்கிலி நிழலும் பதக்க நிழலும் தனித்தனி லேயர். சங்கிலி நிழலை Transform கருவியின் Warp முறையில் வளைத்து, நடுப்பகுதி மட்டும் விலகி இரு முனைகளும் ஒட்டும்படி செய்தேன். ஜன்னல் அகலமான விளக்கு, தூரம் கூடினால் ஓரம் கலங்கும். அதனால் பாலத்துக்கு 6 பிக்சல் Gaussian Blur, பதக்கத்துக்கு 1.

நிறத்துக்குக் கறுப்பைத் தொடவில்லை. கறுப்பு கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். வெளிச்சம் பட்ட நெற்றி RGB-யில் 200, 150, 120. மூக்கு நிழலில் அதே தோல் 130, 85, 62. மூக்கு நிழலின் நிறத்தை அப்படியே எடுத்து Multiply லேயரில் போட்டால் இருட்டு இரட்டிப்பாகிறது. முதலதால் இரண்டாவதை வகுத்து 255-ஆல் பெருக்க வேண்டும். கிடைத்தது 166, 145, 132. வெளிறிய பழுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் முழு ஒபாசிட்டியில் நெற்றி நிழலும் மூக்கு நிழலும் ஒரே குடும்பமாகிவிட்டன.

தலை சாய்ந்த படமென்றால் இந்தக் கணக்கு மாறும்: வகிடு முடியும் வரைதான் சங்கிலி தலையோடு சாயும், அதன் பிறகு பதக்கம் தரையைப் பார்த்துத் தொங்கப் பார்க்கும். இன்னும் பதக்கத்தின் கீழே ஆடும் முத்துகள் பாக்கி. ஒவ்வொன்றுக்கும் தனி நிழல், தோலைத் தொடும் முத்துக்கு அடியில் ஒரு சின்ன அடர்த்தி.