கிரய ஒப்பந்தத்தில் ஒரே வாக்கியமாக ஓடிய ஷரத்தைப் பிரித்த கதை

சொந்தக்காரர் ஒருவர் மனை வாங்க அட்வான்ஸ் போடப் போகிறார், கையெழுத்துக்கு முன்னால் ட்ராஃப்ட்டைப் படிக்கிற மாதிரி ஆக்கித் தரச் சொன்னார். மற்றதெல்லாம் சுலபம். இந்த ஒரு ஷரத்துதான் ஆளை உட்கார வைத்துவிட்டது:

"எழுதிக்கொடுப்பவர் வங்கிக் கடனைத் தீர்த்து அசல் பத்திரங்களைக் காட்டி, எழுதிவாங்குபவர் கெடுவுக்குள் மீதித் தொகையைக் கொடுக்கத் தயாராக இருந்தும் கிரயம் செய்து கொடுக்கத் தவறினாலோ, வேறு வில்லங்கம் தெரியவந்து அதை 30 நாட்களுக்குள் நிவர்த்தி செய்யாவிட்டாலோ, முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியது."

முதலில் கை போவது "மேலும்" பக்கம்தான். "கடனைத் தீர்க்க வேண்டும். மேலும், வாங்குபவர் தயாராக இருக்க வேண்டும். மேலும், முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிபந்தனையாக இருந்தது கடமையாக மாறிவிட்டது, பணத்தைத் திருப்பித் தருவதோ எந்த நிபந்தனையும் இல்லாமல் தனியாக நிற்கிறது.

அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போனேன். முற்று வினை "திருப்பிக் கொடுக்க வேண்டியது". யார்? எழுதிக்கொடுப்பவர். எப்போது? இரண்டு "ஆலோ"க்களில் ஒன்று நடந்தால். "தயாராக இருந்தும்" முதல் "ஆலோ"வுக்கு மட்டும், வில்லங்கத்துக்கு அது பொருந்தாது. இதுவரை சரி. "தீர்த்து... காட்டி" என்ற எச்சம்தான் வம்பு. அது தனிக் கடமையா, திருப்பித் தருவதற்கு முன்நிபந்தனையா? இலக்கணப்படி பார்த்தால் கடனைத் தீர்த்துக் காட்டிவிட்டுக் கிரயம் செய்யத் தவறினால்தான் பணம் திரும்பும். கடனையே தீர்க்காத ஆள் "நான் அந்தக் கட்டத்துக்கே வரவில்லையே" என்று கையை விரிக்கலாம். இதை நானாக ஒரு பக்கம் சாய்த்து எழுதக் கூடாது என்று வக்கீலிடம் கேட்டேன். கடனைத் தீர்க்காததும் பணம் திரும்ப ஒரு காரணம்தான், 30 நாள் எழுத்து மூலம் தெரிவித்த தேதியிலிருந்து என்றார். விற்பவரும் ஒத்துக்கொண்டார்.

கடைசியில் வந்தது இப்படி:

"எழுதிக்கொடுப்பவர் கெடுவுக்குள் வங்கிக் கடனைத் தீர்த்து அசல் பத்திரங்களைக் காட்ட வேண்டும். கீழ்க்கண்டவற்றில் எது ஒன்று நேர்ந்தாலும் அவர் முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்: (அ) அவர் அவ்வாறு கடனைத் தீர்த்துக் காட்டாவிட்டால், அல்லது (ஆ) எழுதிவாங்குபவர் கெடுவுக்குள் மீதித் தொகையைக் கொடுக்கத் தயாராக இருந்தும் எழுதிக்கொடுப்பவர் கிரயம் செய்து கொடுக்கத் தவறினால், அல்லது (இ) வேறு வில்லங்கம் தெரியவந்து, அதை எழுதிவாங்குபவர் எழுத்து மூலம் தெரிவித்த தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் எழுதிக்கொடுப்பவர் நிவர்த்தி செய்யாவிட்டால்."

"கீழ்க்கண்டவற்றில் எது ஒன்று நேர்ந்தாலும்" என்பதை விட்டால் மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டுமோ என்று ஒருவர் வாதிட இடமுண்டு. (ஆ), (இ) இரண்டிலும் முதலில் "அவர்" என்றுதான் எழுதியிருந்தேன்; எழுதிவாங்குபவர் பெயர் குறுக்கே வந்த பிறகு வருகிற அந்த "அவர்" யார் என்று எனக்கே உறுத்தியது; அதனால் இரண்டிலும் "எழுதிக்கொடுப்பவர்" என்றே திரும்ப எழுதிவிட்டோம், நீளம் கூடினால் கூடட்டும். பிறகு பழைய ஷரத்தை எடுத்து ஒவ்வொரு நிபந்தனையாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே புதியதில் அது எங்கே இருக்கிறது என்று தேடினேன். "வேறு வில்லங்கம்" என்பதில் அந்த "வேறு" உட்பட எல்லாம் இருந்தது. அதற்கப்புறம்தான் முத்திரைத்தாளில் டைப் அடிக்கக் கொடுத்தோம்.