அட்வான்ஸ் தொகையில் பிடித்தம்: வீட்டு உரிமையாளருக்கு எழுதிய பதில் மின்னஞ்சல்

வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகு உரிமையாளர் அனுப்பிய செய்தி மிகச் சுருக்கமாக இருந்தது. வீடு முழுவதற்கும் பெயிண்ட் அடித்த செலவு, சுத்தம் செய்த கூலி, அலமாரிக் கண்ணாடி மாற்றிய செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தருவதாகவும், "சம்மதம்" என்று பதில் அனுப்பினால் போதும் என்றும் எழுதியிருந்தார். பிடித்தம் இரண்டு மாத வாடகையை நெருங்கியது. அதில் ஒன்றரை மாத வாடகை பெயிண்டுக்கு மட்டும். சம்மதம் என்று சொல்லிவிட்டால் கணக்கு அத்துடன் முடிந்துவிடும் என்பதால் உடனே பதில் அனுப்பவில்லை. அவர் தொலைபேசியில் அழைத்தபோதும், விவரமாக மின்னஞ்சலில் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பேச்சில் ஒப்புக்கொண்டது எது, மறுத்தது எது என்பதற்குப் பின்னால் சாட்சி இருக்காது.

எழுத உட்காரும் முன் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று வாடகை ஒப்பந்தம். அதில் "இயல்பான தேய்மானம் நீங்கலாக" வீட்டை அதே நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. மற்றொன்று, குடிவந்த நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த படங்கள். செய்திச் செயலி வழியாகப் பகிர்ந்த படங்களில் எடுத்த தேதி பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. ஆகவே தொலைபேசியில் இருந்த மூலப் படங்களையே இணைத்தேன்.

மின்னஞ்சலை, நான் தர வேண்டியதிலிருந்து தொடங்கினேன். "மதிப்பிற்குரிய ஐயா, அலமாரிக் கண்ணாடி நாங்கள் குடியிருந்தபோது உடைந்தது. அதற்கான செலவை ரசீதில் உள்ளபடி கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்பதே முதல் பத்தி. நியாயமானதை முதலிலேயே ஒப்புக்கொண்டால், அடுத்து வரும் மறுப்பை வீம்பு என்று தள்ளிவிட முடியாது.

பெயிண்ட் பற்றிய பத்திதான் நீண்டது. நாங்கள் குடிவருவதற்குச் சற்று முன்பு அடித்த பெயிண்ட் அது; நான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறோம். வெயில் படும் சுவர் வெளிறியதும், நாற்காலி உரசிய இடம் மங்கியதும், நாள்காட்டி மாட்டிய சிறிய ஆணித்துளையும் தேய்மானத்தில் சேரும். ஆனால் படுக்கையறையில் ஒட்டுக் கொக்கிகளைப் பிய்த்தபோது பெயிண்ட் பொருக்காகப் பெயர்ந்து வந்ததைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்படி எழுதினேன்:

"ஏறத்தாழ ஒரே அளவுள்ள நான்கு அறைகளில் ஓர் அறைக்கு மட்டுமே சேதத்தின் காரணமாகப் பெயிண்ட் தேவைப்பட்டது, எனவே மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே கணக்கில் வரும். பெயிண்டின் ஆயுளை ஐந்து ஆண்டுகள் எனக் கொண்டால், நான்கு ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. எஞ்சிய மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி பெயிண்ட் செலவில் இருபதில் ஒரு பங்கை, அதாவது நூற்றுக்கு ஐந்தை, ஏற்கிறேன். ஆயுளை வேறு விதமாகக் கணக்கிட்டால் அதன் அடிப்படையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஐந்து ஆண்டுகள் என்பது எங்கும் எழுதி வைத்த விதி அல்ல. நியாயமான ஒரு மதிப்பீடு, அவ்வளவே. ஆனால் ஓர் எண்ணைச் சொல்லி அதன் வழியையும் காட்டினால், எதிர்த் தரப்பும் எண்ணோடுதான் வர வேண்டியிருக்கிறது. வெறுமனே "இது அநியாயம்" என்று எழுதியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும், கணக்கு வந்திருக்காது.

சுத்தம் செய்த கூலியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சாவி கொடுத்த அன்று எடுத்த சமையலறை, குளியலறைப் படங்களைச் சுட்டிக்காட்டி, என்ன வேலை நடந்தது என்ற விவரமும் ரசீதும் கேட்டேன். குளியலறைக் கசிவைச் சரிசெய்ய அவர் இழுத்தடித்ததைப் பற்றி முதலில் எழுதிய பத்தியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பெயிண்ட் கணக்கை விட்டுவிடுவார்.

முடிவில் கேட்டதுதான் மிகவும் பயன்பட்டது. "இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லாத தொகையை 14 நாட்களுக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். அதைப் பெற்றுக்கொள்வது, மீதிப் பிடித்தத்தை நான் ஏற்றதாக ஆகாது." இந்த இரண்டு வரிகள் இல்லாவிட்டால், சர்ச்சைக்குரிய சிறு பகுதிக்காக முழு அட்வான்ஸும் அவர் கையிலேயே தங்கியிருக்கும்.

சர்ச்சையில்லாத தொகை கெடுவுக்குள் வந்தது. பெயிண்ட் ரசீதை அனுப்பியபோது, ஓர் அறையின் செலவில் பாதியையாவது ஏற்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. என் கணக்கைவிட அதிகம்தான், ஆனாலும் முழு வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் வழக்கு நடத்தும் அளவுக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டேன். சுத்தம் செய்த கூலிக்கு ரசீது வரவில்லை. அந்தப் பிடித்தத்தைக் கைவிட்டு மீதியை அனுப்பினார். தொகை வந்து சேர்ந்ததையும், இனி இருவருக்கும் பாக்கி எதுவும் இல்லை என்பதையும் அதே மின்னஞ்சல் தொடரில் எழுதி அனுப்பினேன்.