சதுர அடி 28 ரூபாயா, 165 ரூபாயா? பழைய வீட்டு மொட்டை மாடிக்கு எஸ்டிமேட் போட்ட அனுபவம்

வீடு சென்னைப் புறநகரில், எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் தளம். மாடி உள்ளளவு 30-க்கு 30. சுற்றிலும் மூன்றடி கைப்பிடிச் சுவர், மாடிப்படி வெளியே. ஐப்பசி மழையில் ஹால் சீலிங்கில் இரண்டு இடத்தில் ஈரம் பரவி, பூச்சு உப்பி உதிர்ந்தது. ஒழுகலை நிறுத்த மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டதில் கோட்டிங் அடிக்க 28 ரூபாய், மெம்ப்ரேன் என்னும் தார் விரிப்பு ஒட்ட 85, பழைய முறையில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்க 165 என்று வந்தது. எல்லாமே சதுர அடிக் கணக்கு, பொருளும் கூலியும் சேர்த்து. ஆனால் மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை.

பரப்பளவிலேயே வித்தியாசம் இருந்தது. தரை 900 சதுர அடி. ஆனால் பழைய வீடுகளில் தண்ணீர் அதிகம் இறங்குவது தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான். அதனால் கோட்டிங்கோ மெம்ப்ரேனோ சுவரில் குறைந்தது ஓர் அடி ஏற வேண்டும். சுற்றளவு 120 அடி என்றால் அதுவே 120 சதுர அடி, மொத்தம் 1,020. 900-க்கு மட்டும் விலை சொன்னவர் சுவரில் ஏற்ற மாட்டார், அல்லது வேலை முடிந்தபின் அதற்குத் தனியாகக் கேட்பார். ‘சுவரில் ஓர் அடி ஏற்றம் உட்பட’ என்று எழுதி வாங்கிய பிறகுதான் மற்ற கணக்கைத் தொட வேண்டும்.

அடுத்தது, ரேட்டைப் பேசுவதற்கு முன்னால் தளத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மழைநீர்க் குழாய் வாய்க்குப் பக்கத்தில், ஈரம் தெரிந்த இடத்துக்கு மேலே ஓர் அடி சதுரத்துக்கு உளியால் தோண்டச் சொன்னோம். மேலே ஒரு தட்டோடு, அதற்கடியில் சிமெண்ட் கலவை, அதன் கீழே இன்னொரு தட்டோடு, பிறகு நாலு அங்குலம் சுண்ணாம்பு ஜல்லி, அதற்கும் கீழே தளம். யாரோ எப்போதோ பழைய ஓட்டைப் பெயர்க்காமல் மேலேயே இரண்டாவது வரிசை பதித்திருக்கிறார்கள். மழை நின்று வாரங்கள் ஆகியும் ஜல்லி கையில் ஈரமாக நொறுங்கியது. மாடியின் மற்ற இடங்களில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாள்களை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டதில், எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட தாள்களின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தது.

இந்த ஈரம் வேலையின் போக்கையே மாற்றிவிடும். நனைந்த ஜல்லிக்கு மேல் எதை ஒட்டினாலும் சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மேலே தள்ளும். கோட்டிங் கொப்புளமாக எழும்பும், மெம்ப்ரேன் உப்பும். போக வழியில்லாத மீதி ஈரம் கீழே தளத்துக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கோட்டிங் அடித்த அடுத்த மழையிலேயே ஒழுகல் அதிகமாகிவிட்டது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் அந்த 28 ரூபாய். அக்ரிலிக் கோட்டிங்கில் ஆயுளைத் தீர்மானிப்பது எத்தனை கோட் என்பதல்ல, காய்ந்த பிறகு நிற்கும் கனம். ஆள் நடமாடும் மாடிக்கு 1 மி.மீ. கனமாவது வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. ஈரக் கனத்துக்கு ஒரு லிட்டர் பிடிக்கும். அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், காய்ந்ததும் போய்விடும். ஆகவே காய்ந்த 1 மி.மீ.க்குச் சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டர். நம் 1,020 சதுர அடி சுமார் 95 சதுர மீட்டர், எனவே 190 லிட்டர், அதாவது இருபது லிட்டர் பக்கெட் பத்து. 28 ரூபாய்க்காரரிடம் எத்தனை பக்கெட் என்று கேட்டோம். மூன்று என்றார். மூன்று பக்கெட்டில் நிற்கும் கனம் 0.3 மி.மீ. வேண்டிய கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

பத்து பக்கெட்டுக்குக் கணக்குப் போட்டால், பக்கெட் 4,800 வீதம் 48,000, பிரைமரும் மூலைகளுக்கு ஃபைபர் வலையும் 6,000, கூலி 12,000. மொத்தம் 66,000, சதுர அடிக்கு 65 ரூபாய். ஐந்து வருடம் எதிர்பார்க்கலாம், வருடத்துக்கு 13 ரூபாய். மூன்று பக்கெட் வேலை 28 ரூபாய், இரண்டு வருடம், வருடத்துக்கு 14. மலிவாகத் தெரிந்தது மலிவே இல்லை. ஜல்லி காய்ந்து, ஓடுகள் அசையாமல், நீர் வடியும் வாட்டம் சரியாக இருக்கும் மாடியில் நேர்மையாக அடித்த கோட்டிங் நல்ல தேர்வுதான். பிய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். இந்த மாடி அப்படி இல்லை.

மெம்ப்ரேன் என்பது ஏபிபி என்னும் பிளாஸ்டிக் கலந்த 4 மி.மீ. கனமான தார் விரிப்பு, கேஸ் டார்ச்சால் சூடாக்கி ஒட்டுவது. ஒரு ரோல் ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், அதாவது 107 சதுர அடி. ஆனால் பக்கவாட்டில் 10 செ.மீ.யும் முனையில் 15 செ.மீ.யும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அது போனால் ஒரு ரோல் மூடுவது 95 சதுர அடி. 1,020-க்குப் பதினொன்று, மூலைத் துண்டுகளுக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு. பத்து ரோல் போதும் என்பவர் ஏற்றத்தைக் குறைக்கப் போகிறார். ஒட்டும்போது இணைப்பின் ஓரத்தில் உருகிய தார் மெல்லிய கோடாக வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் ஒட்டாத இடம். சுவரில் ஏற்றிய முனையைக் காடி வெட்டி உள்ளே செருகிக் கலவையால் அடைக்க வேண்டும். சும்மா ஒட்டிவிட்டால் ஓரிரு வெயிலில் முனை பிரிந்து, மழை நீர் அதன் பின்னாலேயே இறங்கும்.

85 ரூபாயில் இதெல்லாம் அடங்கும். அடங்காதது மேலே போடும் பாதுகாப்புக் கான்கிரீட். வெயில் நேரடியாகப் படும் சாதாரண மெம்ப்ரேனுக்கு ஆறேழு வருடம். ஒன்றரை அங்குலக் கான்கிரீட்டால் மூடினால் பதினைந்து. அதற்குச் சதுர அடிக்கு 50 ரூபாய் கூடும். மூடியபின் இன்னொரு தலைவலி: எங்காவது ஓட்டை விழுந்தால் தண்ணீர் விரிப்பின் அடியில் ஓடி வேறெங்கோ ஒழுகும், ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் ஸ்டாண்டுக்கோ துளை போடுகிறவர் கீழே மெம்ப்ரேன் இருப்பதை அறிய மாட்டார்.

மூன்றாவது ஜல்லியும் தட்டோடும். இதைச் சொன்ன மேஸ்திரி முதலில் பழையதைப் பெயர்க்காமல் மேலேயே போட்டுவிடலாம் என்றார், செலவு குறையும் என்று. எடையைப் பார்ப்போம். மூன்று அங்குல ஜல்லிக்கும் ஓட்டுக்கும் கலவைக்கும் சேர்த்துச் சதுர அடிக்குப் பதினெட்டு கிலோ வரும், 900 சதுர அடிக்குப் பதினாறு டன். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்குப் பதினாலு. அதை முழுக்க ஓட்டுக்கே கொடுத்தாலும் போதாது. ஏற்கெனவே இரண்டு அடுக்கு ஓடு சுமக்கும் தளத்தில், கம்பி எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாமல், இதற்கு மேல் ஏற்றக் கூடாது.

ஆகவே பெயர்த்தாக வேண்டும். பெயர்க்கும் கூலியும், டிராக்டரில் ஐந்து லோடு இடிபாடு அகற்றுவதும் சேர்த்து 35,000. இங்கேதான் மூன்று கொட்டேஷன்களும் தலைகீழாகின. பழைய தளம் தட்டையாக வார்த்தது, வாட்டம் முழுக்க அந்த ஜல்லியில்தான் இருந்தது. ஜல்லி போனால் வாட்டமும் போகும். மெம்ப்ரேனுக்கு முதலில் வாட்டக் கான்கிரீட் போட வேண்டும், அதற்கு 63,000. பெயர்ப்பு, வாட்டம், மெம்ப்ரேன், மேல் கான்கிரீட் எல்லாம் கூட்டினால் 2,30,000. ஜல்லி வேலையில் வாட்டம் 165 ரூபாய்க்குள்ளேயே இருக்கிறது. தளத்தின்மேல் இரண்டு பாகமாகக் கலக்கும் சிமெண்ட் கோட்டிங் 36,000, ஜல்லியும் ஓடும் 1,48,500, பெயர்ப்பு சேர்த்து 2,19,500. பதினைந்து வருடத்துக்கு 2,30,000, இருபத்தைந்து வருடத்துக்கு 2,19,500. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டு இணைப்புகளைப் புதுப்பிக்கச் சதுர அடிக்கு 15 ரூபாய் வைத்தாலும் ஓடுதான் முந்துகிறது. பெயர்க்க வேண்டியிராத வீட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி முடியும்.

ஓட்டு வேலையில் கவனிக்க வேண்டியவை. தளத்தின்மேல் அடித்த சிமெண்ட் கோட்டிங் காய்ந்ததும், ஜல்லி போடுவதற்கு முன்பே குழாய் வாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்துக் கீழே சீலிங்கைப் பார்க்க வேண்டும். ஜல்லி போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டிரண்டு வாய்கள் இருப்பதால் நடுவிலிருந்து நீர் ஓடும் தூரம் 15 அடி. நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் ஜல்லியின் கனம் ஓரத்தில் இரண்டு அங்குலம், நடுவில் நாலுக்குச் சற்றுக் குறைவு. பொதுப்பணித்துறை விகிதப்படி ஜல்லி 32 பங்கு, மணல் சேர்க்காத நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று சிமெண்டில் குழைப்பதே இப்போது வழக்கமாகிவிட்டது. அது இறுகிக்கொண்டு, வெயிலில் விரிய முடியாமல் வெடிக்கும். சுண்ணாம்பு ஜல்லியைக் கட்டையால் அடிக்க வேண்டும், அடிக்கும் கட்டை தடம் பதிக்காமல் துள்ளும் வரை. இந்த அடி கூலியைத் தின்பதால்தான் மேஸ்திரிகள் இதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

தட்டோடு எட்டு அங்குலச் சதுரம், சதுர அடிக்கு இரண்டேகால், சேதாரத்தோடு 2,130. தண்ணீரில் ஊறவைத்து, நீர்க்காப்பு மருந்து சேர்த்த கலவையில், கலவை இணைப்பில் பாதிவரை மேலேறும்படி அழுத்திப் பதிக்க வேண்டும். மேலிருந்து மட்டும் இணைப்பை அடைத்தால் அடியில் காலியாக நிற்கும். பதித்து ஒரு வாரம் கழித்து ஒவ்வோர் ஓட்டையும் கட்டையால் தட்டிப் பார்க்கலாம். வெற்றொலி வரும் ஓட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, மாற்றிக் கொடுத்த பிறகே கடைசி 15 சதவீதத்தைத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.