காசோலைத் தொகையைத் தமிழில் எழுதும் நிரலும் 300 வரிப் பிழைப் பட்டியலும்

நான் கணக்கு எழுதும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் காசோலைகளைத் தமிழிலேயே எழுதுவது நெடுநாள் வழக்கம். காசோலையை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அந்தந்த மாநில மொழியிலோ எழுதலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை வழிகாட்டுதல்களே சொல்வதால் அதில் தடை எதுவும் இல்லை. ஆனால் தீபாவளிக்கு முன் போனஸ், கூலி நிலுவை, சாயப்பட்டறைக்கான தொகை என்று ஒரே வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட காசோலைகள் எழுத வேண்டியிருக்கும்போது, எண்ணைப் பார்த்து எழுத்தில் எழுதும் வேலைதான் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. அதனால், தொகையைக் கொடுத்தால் எழுத்தில் தரும் சிறிய நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதத் தொடங்கினேன்.

தொகையைப் பிரிப்பது எளிதான பகுதி. நம் கணக்கில் கடைசி மூன்று இலக்கங்கள் ஒரு தொகுதி. அதற்கு மேல் இரண்டிரண்டு இலக்கங்களாக ஆயிரம், லட்சம், கோடி என்று போகும். நான்கு வகுத்தல்களில் அது முடிந்துவிடும்.

```python
kodi, meethi = divmod(thogai, 10_000_000)
latcham, meethi = divmod(meethi, 100_000)
aayiram, meethi = divmod(meethi, 1_000)
nooru, meethi = divmod(meethi, 100)
```

எங்கள் சங்கத்துக்கு 99,99,99,999 ரூபாய்க்கு மேல் தேவை வராது என்பதால், அதைத் தாண்டிய தொகையை நிரல் ஏற்காமல் நிறுத்திவிடும்படி செய்தேன். ஆனால் எண்களை வெறும் சொற்களாக அடுக்கினால் தமிழ் ஆகாது என்பது முதல் நாளே புரிந்தது. 1,00,045 என்று கொடுத்தபோது, ‘ஒரு லட்சம் நாற்பத்தைந்து’ என்று வந்தது. லட்சத்துக்குப் பின் ஆயிரம் இருந்தால் மட்டுமே ‘லட்சத்து’ என்று மாற்றும்படி நான் எழுதியிருந்ததே காரணம். ஆயிரம் இல்லாவிட்டாலும் நூறோ ஒன்றோ மீதி இருந்தாலே அந்தச் சொல் ‘லட்சத்து’ ஆக வேண்டும். ஆகவே அடுத்த தொகுதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுழியமாக உள்ள தொகுதிகளை முதலில் நீக்கி, எஞ்சியவற்றில் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இணைப்பு வடிவத்துக்கு மாற்றும்படி திருத்தினேன்.

அந்த இணைப்பு வடிவத்துக்குத் தனி அட்டவணை தேவைப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. தமிழ் எண்ணுப் பெயர்கள் இந்த ஒரு விஷயத்தில் மிகவும் ஒழுங்கானவை. சொல்லின் ஈற்றைப் பார்த்தாலே போதும்.

```python
def inaippu(sol):
    if sol.endswith(("ம்", "து")):
        return sol[:-2] + "த்து"
    if sol.endswith("று"):
        return sol[:-2] + "ற்று"
    return sol + "யே"
```

ஆயிரம் ஆயிரத்து ஆகும். இருபது இருபத்து ஆகும். நூறு நூற்று ஆகும். இவை எதிலும் சேராத கோடி, கோடியே ஆகும். இங்கே இரண்டிரண்டு குறிகளை வெட்டுவதற்கும் காரணம் உண்டு. ‘ம்’ என்பதும் ‘து’ என்பதும் நம் கண்ணுக்கு ஓரெழுத்து. ஆனால் கணினியின் யூனிகோடு கணக்கில் மெய்யின் வடிவம் ஒன்று, அதன்மேல் வரும் புள்ளி அல்லது உகரக் குறி ஒன்று என ஒவ்வொன்றும் இரண்டு.

பத்துகளோடு ஒன்றுகள் சேரும் இடத்தில் புணர்ச்சியையும் கவனிக்க வேண்டியிருந்தது. இருபத்து, ஐந்து என்ற இரண்டும் சேர்ந்து ‘இருபத்தைந்து’ ஆகும்; ஆனால் மூன்றும் நான்கும் மெய்யெழுத்தில் தொடங்குவதால் ‘இருபத்து மூன்று’, ‘இருபத்து நான்கு’ என்று இடைவெளி விட்டே எழுதினேன். ஆயிரத்துக்கு முன் ஒன்று ‘ஓர்’ ஆகி ஓராயிரம், பதினோராயிரம், இருபத்தோராயிரம் என வரும். லட்சத்துக்கும் கோடிக்கும் முன் அதுவே ‘ஒரு’ ஆகும். ஐந்து தனியாக வந்தால் ஐயாயிரம். ஆனால் இருபத்தைந்தில் அது குறுகாமல் இருபத்தைந்தாயிரம் என்றே நிற்கும். ஒற்று மிகும் இடமும் உண்டு: ‘லட்சத்து’, ‘ஆயிரத்து’, ‘நூற்று’ என்பவற்றுக்குப் பின் வரக்கூடிய எண்ணுப் பெயர்களில் வல்லினத்தில் தொடங்குபவை பகரமும் தகரமும் மட்டுமே என்பதால், அந்த இரண்டுக்கு மட்டும் விதி எழுதினால் போதுமானதாக இருந்தது. இப்படி எல்லாம் சேர்ந்தபின் 2,12,450 என்று கொடுத்தால் ‘இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் மட்டும்’ என்று வந்தது. கையால் எழுதியதைவிட இது திருத்தமாக இருந்தது என்றே நினைத்தேன்.

பைசாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தொகையைச் சாதாரணத் தசம எண்ணாக வாங்கி நூறால் பெருக்கக் கூடாது. பைத்தானில் `int(4.35*100)` என்று தட்டிப் பார்த்தால் 435-க்குப் பதில் 434 வரும். தொகையை எழுத்துச் சரமாகவே வாங்கி `Decimal` வகைக்கு மாற்றினால் அந்த ஒரு பைசா தொலைவதில்லை.

சுமார் நாற்பது காசோலைகளை இப்படி அச்சிட்டுக் கொடுத்திருந்தோம். ஒரு வாரம் கழித்துச் சாயப்பட்டறைக்காரர் தம்முடைய காசோலையுடன் நேரில் வந்தார். எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபடுகின்றன என்று குறிப்பிட்டு வங்கி அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. தொகை 18,940 ரூபாய். எழுத்தில் இருந்தது: ‘பதினெட்டாயிரத்துத் தொண்ணூற்று நாற்பது’.

நான் அதை இரண்டு முறை படித்தும் முதலில் தவறு தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னுடன் வேலை பார்க்கும், முன்பு எல்லாக் காசோலைகளையும் கையாலேயே எழுதிவந்த அக்காதான் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, தொள்ளாயிரம் எங்கே போச்சு?” என்று கேட்டார். நூறுகளின் அட்டவணையில் நூறு, இருநூறு என்று தட்டிக்கொண்டே வந்த கை, ஒன்பதாவது இடத்திலும் அதே ஓட்டத்தில் ‘தொண்ணூறு’ என்று தட்டியிருந்தது. இந்த இடத்தில் தமிழ் எண்ணுப் பெயர்கள் ஒரு படி தள்ளி நிற்கின்றன. ஒன்பது என்ற சொல் பத்தின் ஈற்றோடு முடிகிறது. தொண்ணூறு நூறில் முடிகிறது. தொள்ளாயிரமோ ஆயிரத்தில் முடிகிறது. எல்லாம் ‘நூறு’ என்று முடியும் பட்டியலில் கடைசிச் சொல்லும் அப்படியே முடிந்தால் கண் அதைச் சரியென்றே கடந்துவிடுகிறது. நான் சோதித்த தொகைகளில் தொள்ளாயிரம் வரும் தொகை ஒன்றுகூட இல்லை.

எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இங்கேயோ எழுத்தில் இருந்ததை ஒரு தொகையாகவே கொள்ள முடியாது. காசோலையில் தொகையை அடித்துத் திருத்தினாலும் ஏற்கமாட்டார்கள் என்பதால் பழையதை ரத்து செய்து, செயலாளரிடம் விளக்கி, புதிய தாளில் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். பட்டறைக்காரருக்குத் தீபாவளிக்கு முன் கையில் வந்திருக்க வேண்டிய பணம் அது. அவர் கோபப்படாமல் வாங்கிச் சென்றது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

அன்று மாலையே, சில தொகைகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் முறையைக் கைவிட்டேன். ஒரு காசோலை நிரலுக்கு இருக்க வேண்டிய அடிப்படைப் பண்பு, இரண்டு வெவ்வேறு தொகைகளுக்கு ஒரே சொற்றொடர் வரக் கூடாது என்பது. அதை 1 முதல் 99,999 வரை முழுவதுமாகச் சோதிக்கக் கணினிக்குச் சில நொடிகளே ஆகும்.

```python
kandavai = {}
for n in range(1, 100_000):
    s = ezhuthu(n)
    if s in kandavai:
        print(n, kandavai[s], s)
    kandavai.setdefault(s, n)
```

பிழையுள்ள பழைய அட்டவணையோடு இதை ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியே `900 90 தொண்ணூறு` என்று வந்தது. தொடர்ந்து 903-ம் 904-ம் வந்தன. பிறகு 1,900, 1,903, 1,904 என்று ஒவ்வோர் ஆயிரத்துக்கும் மூன்றாக மொத்தம் 300 வரிகள் வந்தன. ஏன் மூன்று மட்டும் என்று சிறிது நேரம் யோசித்தேன். 91-இல் புணர்ந்து ‘தொண்ணூற்றொன்று’ என்று ஒரே சொல்லாகும். பிழையான 901-இலோ ‘தொண்ணூற்று ஒன்று’ என இடைவெளியோடு வரும். அதனால் அவை வேறாகத் தெரிகின்றன. மூன்றும் நான்கும் புணராமல் நிற்பதால் அங்கே மட்டும் மோதுகின்றன. அதாவது 18,940 இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. ஆனால் அதற்குக் காரணமான பிழை முதல் வரியிலேயே பிடிபட்டுவிட்டது. அட்டவணையில் ‘தொள்ளாயிரம்’ என்று திருத்தியபின் ஒரு வரிகூட வரவில்லை. `inaippu` அதை ஈற்றைப் பார்த்துத் தானாகவே ‘தொள்ளாயிரத்து’ ஆக்கிக்கொண்டது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. எழுநூறும் எண்ணூறும் இடம் மாறிக் கிடந்தால் ஒவ்வொன்றும் தனித்தன்மையோடுதான் இருக்கும். சோதனை அமைதியாக ஒப்புதல் தந்துவிடும். எழுதியவனே திரும்பப் படித்தாலும் பயனில்லை என்பதை 18,940-இலேயே பார்த்துவிட்டேன். ஆகவே, நூறுகள், பத்துகள், பதின்மங்கள், ஒன்றுகள் ஆகிய அட்டவணைகளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு முறையாவது வரும்படி அறுபது தொகைகளைத் தேர்ந்து, எண்ணை மறைத்து, எழுத்தை மட்டும் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் படித்துப் படித்து எண்களைத் தாளில் எழுதினார். அவற்றை நான் மூல எண்களோடு ஒப்பிட்டேன்.

அறுபதும் ஒத்துப்போயின. ஆனால் அவர் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று இடங்களில் அடிக்கோடு போட்டிருந்தார். அச்சில் ‘முன்னூறு’ என்று இருந்ததை ‘முந்நூறு’ என்று திருத்தி, பக்கத்தில், “இது வங்கியில் திரும்பாது. ஆனாலும் நம் சங்கத்தின் பெயரில் போகிறது” என்று எழுதியிருந்தார். அட்டவணையில் அந்த ஒரு சொல்லையும் மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் மீதிக் காசோலைகளை அச்சிட்டோம்.