குறைந்தது வேகம்தான், மக்கள் இல்லை

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். போன வாரம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய பாடம். அதில் 1961 முதல் 2011 வரை இந்திய மக்கள்தொகையின் வளர்ச்சி விகிதத்தைக் காட்டும் ஒரு கோட்டுப்படம். "வளர்ச்சி 24.8 சதவீதத்திலிருந்து 17.7 ஆகக் குறைந்தது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டேன். கேட்ட மாணவி ஒருத்தி, "அப்போ நம்ம ஜனத்தொகை குறைஞ்சிருச்சாக்கா?" என்றாள். தப்பு என்னுடையதுதான்.

மறுபடி பதிவு செய்தேன். எது குறைகிறது என்பதை முதலில் சொன்னேன்: ஒவ்வொரு பத்தாண்டிலும் மக்கள்தொகை எத்தனை சதவீதம் கூடியது என்பதைத்தான் இந்தக் கோடு காட்டுகிறது, மக்கள்தொகை கூடிக்கொண்டேதான் இருந்தது. 2001க்கும் 2011க்கும் இடையில்கூட ஏறக்குறைய 18 கோடிப் பேர் கூடினார்கள்.

அப்புறம் கோட்டின் வடிவம். முதல் மூன்று புள்ளிகள் 24.8, 24.7, 23.9. கிட்டத்தட்ட சமதளம். அடுத்தது 21.5, கடைசியில் 17.7. சரிவு பெரும்பாலும் 1991க்குப் பிறகுதான். இரண்டு முனைகளை மட்டும் சொன்னால், ஐம்பது வருடமும் சீராக இறங்கியது போலத்தான் காதில் விழும்.

இன்னொன்று, படத்தின் செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை, 15இல் தொடங்குகிறது. அதனால் கோடு தரையைத் தொடப்போவது போலத் தெரியும். அதனால் "செங்குத்தாக விழுந்தது" என்று சொல்லாமல், எண்ணைச் சொன்னேன்.

இந்த முறை அவள் கேட்ட கேள்வி: "1991க்கு அப்புறம் ஏன்க்கா?"