15 பேர் போதும் என்று நினைத்த ஈஈஜி சோதனை 44-இல் வந்து நின்ற கதை

தவறான பட்டனை அழுத்திய சுமார் 100 மில்லிநொடிக்குள்ளேயே, தலையில் மாட்டும் தொப்பி வழியாக மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியில் ஒரு எதிர்மறை அலை எழும், அதற்கு இஆர்என் என்று பெயர். தவறுக்குக் காசு கழித்தால் அந்த அலை பெரிதாகிறதா என்பதுதான் என் கேள்வி. ஒவ்வொருவரும் காசு கழிக்கும் சுற்று, சாதாரணச் சுற்று இரண்டையும் செய்வார்கள்.

எங்கள் லேபில் முன்பு 16 பேரை வைத்துச் செய்ததில் t மதிப்பு 3.2 வந்திருந்தது. அதை √16-ஆல் வகுத்தால் விளைவின் அளவு 0.8. அதைப் போட்டுப் பார்த்தேன், 80% பவருக்கு, அதாவது விளைவு நிஜமாக இருந்தால் அதைப் பிடிக்க 80% வாய்ப்பு கிடைக்க, 15 பேர் போதும் என்று வந்தது. சந்தோஷமாக சீனியர் அக்காவிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "16 பேர்ல எவ்வளவு பெருசா வந்தா p 0.05-க்குக் கீழ போகும்?" p 0.05-க்குக் கீழே போனால்தான் விளைவு கிடைத்தது என்று எழுதுவது வழக்கம். அதற்கு t 2.13-ஐத் தாண்டணும், அதாவது விளைவின் அளவு 0.53. உண்மை விளைவு 0.4 மட்டுமே இருந்தாலும், 16 பேரை வைத்துச் செய்தால் 0.53-க்கு மேல் வீங்கித் தெரிந்தால்தான் "கிடைத்தது" என்று எழுத முடியும். அந்த 0.8-ஐ நம்பி எண்ணிக்கை போடுவது ரொம்ப ஆபத்து.

அதனால் திருப்பிக் கேட்டுக்கொண்டேன்: எவ்வளவு சின்ன வித்தியாசம் வரை எனக்கு முக்கியம்? 1.5 மைக்ரோவோல்ட் என்று முடிவு செய்தேன். பழைய தரவிலிருந்து நான் எடுத்தது ஆளுக்கு ஆள் அந்த வித்தியாசம் எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும்தான், அதன் திட்ட விலக்கம் 3.75. இதை R மென்பொருளில் போட்டேன்:

```
power.t.test(delta = 1.5, sd = 3.75,
             power = 0.8, type = "paired")
```

51-ஐக் கொஞ்சம் தாண்டியது, அப்படியென்றால் 52 பேர். தொப்பி மாட்டி, ஜெல் வைத்து, தலை கழுவி அனுப்ப ஆளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், என் கையில் இருந்த மாதங்களுக்கு அது முடியாத கணக்கு.

வழி ஆட்களைக் கூட்டுவதில் இல்லை, அந்த 3.75-க்குள் இருந்தது. அதன் வர்க்கம் 14.06. ஒவ்வொரு சுற்றிலும் 250 முயற்சி, தவறு ஏறக்குறைய 25. ஒற்றை முயற்சியின் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால், அதன் வர்க்கத்தைத் தவறுகளின் எண்ணிக்கையால் வகுத்து 100/25 = 4, இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 8. ஆக 14-இல் 8 வெறும் இரைச்சல், மீதி 6 மட்டுமே ஆளுக்கு ஆள் நிஜமாக இருக்கும் வித்தியாசம். முயற்சிகளை 500 ஆக்கினால் தவறு 50, இரைச்சல் 4-ஆகப் பாதியாகிறது, மொத்தம் 10.06, திட்ட விலக்கம் 3.17. ஆளுக்குக் கூடுவது கால் மணி நேரம்தான், தேவையோ 38 பேருக்கு இறங்கிவிட்டது! இதற்கும் எல்லை உண்டு, எத்தனை முயற்சி கூட்டினாலும் அந்த 6 குறையாது. சோர்ந்து போனால் தவறும் வேறு மாதிரி ஆகிவிடும், அதனால் நடுவே இரண்டு இடைவேளை விட்டேன்.

அப்புறம், வியர்வையால் அலை சரிந்து போகிறவர்கள், தவறே அதிகம் செய்யாதவர்கள் என்று சிலர் கழிவார்கள். யாரைக் கழிப்பது என்ற விதியை முதல் ஆள் வரும் முன்பே எழுதி வைத்து, அதற்கென 6 பேர் கூடுதலாகச் சேர்த்தேன், மொத்தம் 44. 20 பேர் முடிந்ததும் p மதிப்பை எட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது, பார்க்கவில்லை. சிக்னல் சுத்தமாக இருக்கிறதா, தவறு 50-ஐ ஒட்டி வருகிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தொப்பி மாட்டினேன்.