விசிறிச் சத்தத்தோடு போன சகரம்

என் உச்சரிப்புப் பாட்காஸ்டில் மூன்றாம் பாடத்தின் ஒலிக்கோப்பை வெளியிட்ட மறுநாள் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "ஐயா, நீங்கள் சொல்வது 'பசி'யா, 'பதி'யா?"

உச்சரிப்புப் பாடத்தில் கேட்கக்கூடாத கேள்வி அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இரைச்சல் துளியும் இல்லை. ஆனால் என் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

பதிவின்போது மைக்கை மேசையில், வாயிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தேன். கணினியின் விசிறி இரைந்தது. பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கும் Noise Reduction அளவை 24 டெசிபலுக்கு ஏற்றினேன். அதே பெட்டியில் Residue என்றொரு தேர்வு உண்டு. மென்பொருள் எதை நீக்குகிறதோ, அதை மட்டும் ஒலிக்கவிடும். அதில் விசிறி மட்டுமே கேட்டிருக்க வேண்டும். எனக்கோ 'ஸ்... ஸ்...' என்று என் சகரங்களே வரிசையாகக் கேட்டன. சகரமும் ஒருவகைக் காற்றிரைச்சல்தானே! தூரத்து மைக்கில் அது விசிறியின் அளவுக்கே மெலிந்திருந்தால், மென்பொருள் இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்?

போன சகரத்தை மீட்க வழியில்லை. மறுபடி பதிவு செய்தேன். இம்முறை மைக் ஒரு சாணுக்கும் குறைவாக, 15 சென்டிமீட்டரில்; பகரத்தின் காற்று மோதாதபடி வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். தூரம் கால்பங்கானால் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். விசிறி இருந்த அளவிலேயே இருக்கும். என் மைக் கார்டியாய்டு வகை, முதுகுப்புறம் அதற்குக் காது மந்தம். எனவே அந்தப் பக்கத்தைக் கணினிக்குக் காட்டினேன். தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமல் இருந்து, அந்த மௌனத்தையே இரைச்சல் மாதிரியாகக் கொடுத்தேன். 6 டெசிபல் நீக்கமே போதுமானதாக இருந்தது. Residue-வில் விசிறி மட்டும் கேட்டது.

புதிய கோப்பைப் பழைய முகவரியிலேயே ஏற்றி, பாடங்களின் விவரத்தைச் செயலிகளுக்குத் தரும் RSS ஊட்டத்தில் `length` எண்ணைப் புதிய பைட் அளவுக்கு மாற்றினேன். மாணவிக்கு மட்டும் அதே தண்ணீர்க் குரல். காரணம் அதே ஊட்டத்தில் இருந்த இந்த வரி:

```
<guid isPermaLink="false">paadam-03</guid>
```

கேட்கும் செயலிகள் பாடத்தை இந்த அடையாளத்தை வைத்தே அறிகின்றன. அது மாறாதவரை, முன்பே இறக்கிய கோப்பை அவை பொதுவாக மீண்டும் இறக்குவதில்லை. அதை மாற்றினால் புதிய பாடமாக எண்ணி, பலருக்கு மூன்றாம் பாடம் இருமுறை தெரியக்கூடும். இரட்டைப் பாடத்தைவிடத் தவறான உச்சரிப்பு மோசம் என்று தோன்றியதால் `paadam-03-b` என்று மாற்றினேன். கோப்பின் பெயரையும் மாற்றினேன். இடையிலுள்ள சேவையகங்களில் தேங்கியிருக்கும் பழைய பிரதி யாருக்கும் போகக்கூடாது அல்லவா?

அடுத்த நாள் இருவர், பாடம் ஏன் இரண்டாக இருக்கிறது என்று கேட்டார்கள். மாணவியிடமிருந்து வந்தது ஒரே சொல்: "பசி."